ஈயம் உருகினால் போதாது, ஒட்ட வேண்டும்: முதல் மின்சுற்றைப் பற்றவைப்போருக்கு

கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளிலோ சிங்கப்பூர் சிம் லிம் டவரிலோ ஒரு பச்சைப் பலகையையும் நாலைந்து சிறு பாகங்களையும் வாங்கிவந்து, எல்லாவற்றையும் பலகையில் செருகி, ஈயத்தை உருக்கி வைத்து, மின்கலத்தை மாட்டிப் பார்க்கிறீர்கள். விளக்கு மின்னவில்லை. பாகம் பழுது என்று நினைத்து மறுபடியும் கடைக்கு ஓடுவதுதான் பலரும் செய்வது. பெரும்பாலும் பாகங்கள் நன்றாகவே இருக்கும். குறை, பலகையின் அடிப்பக்கத்தில் நீங்கள் வைத்த ஈயச் சொட்டுகளில் ஏதோ ஒன்றில் ஒளிந்திருக்கும். அது எது, ஏன் அப்படி ஆனது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்த வாரப் பாடம்.

பாடத்துக்கு ஓர் எளிய சுற்றை எடுத்துக்கொள்வோம். 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கி, ஒரு சிவப்பு எல்இடி விளக்கை மின்ன வைக்கும் 555 டைமர் சுற்று. எட்டுக் கால் கொண்ட சிப் ஒன்று, அதற்கு ஒரு சாக்கெட், 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 470 ஓம் என மூன்று ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, எல்இடி ஒன்று, மின்கலக் கம்பிகள் இரண்டு. கணக்குப் பார்த்தால் சாக்கெட்டுக்கு 8, ரெசிஸ்டர்களுக்கு 6, கெபாசிட்டருக்கு 2, எல்இடிக்கு 2, மின்கலத்துக்கு 2 என மொத்தம் 20 இணைப்புகள். இந்த மதிப்புகளுக்கு விளக்கு ஏறக்குறைய 0.95 விநாடிக்கு ஒருமுறை மின்ன வேண்டும். அரை விநாடி எரியும், அரை விநாடி அணையும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பழுது தேடும்போது இந்த எண் நமக்குக் கைகொடுக்கும்.

தாமரை இலையும் கண்ணாடியும்

ஈயம் வைப்பதைப் பசை ஒட்டுவதுபோல நினைப்பதுதான் முதல் தவறு. பசை எதன்மீது விழுந்தாலும் காய்ந்து ஒட்டும். உருகிய ஈயம் அப்படி அல்ல. அதில் இருக்கும் வெள்ளீயம் செம்போடு சேர்ந்து, இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒரு கலவைப் படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலம்தான் உண்மையான இணைப்பு. மேலே நாம் பார்க்கும் வெள்ளிநிறக் குன்று அதன் மூடி மட்டுமே. படலம் உருவாக மூன்று வேண்டும்: செம்பு சூடாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், அந்த நிலையில் சிறிது நேரம் கிடைக்க வேண்டும்.

தாமரை இலையில் தண்ணீர் விட்டால் அது முத்தாக உருண்டு நிற்கும். சுத்தமான கண்ணாடியில் விட்டால் பரவிப் படியும். உருகிய ஈயமும் இப்படித்தான். சூடான, சுத்தமான செம்பின்மீது அது பரவுகிறது. சூடு போதாத அல்லது கறை படிந்த செம்பின்மீது முத்தாக உருண்டுவிடுகிறது. உருண்ட முத்து குளிர்ந்து இறுகிய பிறகு வெளியிலிருந்து பார்க்கத் திடமாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் ஒட்டு இல்லை. தாமரை இலைத் தண்ணீர்போல அது செம்பின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் குளிர் இணைப்பு என்கிறோம். ஈயம் குளிர்ந்திருந்தது என்று பொருள் இல்லை. ஈயம் உருகித்தான் இருந்தது. அது தொட்ட செம்புதான் குளிர்ந்திருந்தது.

சுத்தத்துக்கு வருவோம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் செம்பும் பாகங்களின் கால்களும் சீக்கிரம் மங்கும். அந்த மங்கல் ஆக்சைடு. ஈயம் அதன்மீது ஒட்டாது. அதை அகற்றும் வேலையைச் செய்வது ஃபிளக்ஸ். மின்னணு வேலைக்கு விற்கும் ஈயக் கம்பியின் நடுவிலேயே, குழாய்க்குள் அடைத்ததுபோல, பைன் மரப் பிசினால் ஆன ஃபிளக்ஸ் இருக்கிறது. கம்பி உருகும்போது அது முதலில் வழிந்து ஆக்சைடைக் கரைத்து ஈயத்துக்கு வழிவிடும். நீங்கள் பார்க்கும் புகை இந்தப் பிசினின் புகைதான். அதன் ஆயுள் சில விநாடிகளே. ஆவியாகித் தீர்ந்த பிறகு எத்தனை நேரம் சூடு காட்டினாலும் ஈயம் ஒட்டாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி ஏன் தவறு என்பது தானாகவே புரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, மிகப் பரவலான பழக்கம் ஒன்று: கோலின் முனையில் முதலில் ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு, கரண்டியில் சட்னி எடுத்து இட்டிலிமேல் வைப்பதுபோல அதைக் கொண்டுபோய் பாகத்தின் காலில் தடவுவது. முனையிலிருந்து பலகைக்குப் போவதற்குள் ஃபிளக்ஸ் எரிந்து போய்விடும். போய்ச் சேர்வது வெறும் ஈயம். அது சூடாகாத செம்பின்மீது விழுகிறது. குளிர் இணைப்பு உறுதி.

சரியான முறை தலைகீழ். கோலின் முனை, பாகத்தின் காலையும் பலகையின் செப்பு வளையத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு விநாடி அப்படியே வைத்திருங்கள். பிறகு ஈயக் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து கால் வளையத்தைச் சந்திக்கும் இடத்தில் கொடுங்கள். முனையில் அல்ல. செம்பின் சூடே ஈயத்தை உருக்க வேண்டும். அப்படி உருகினால் செம்பு போதிய சூட்டில் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஈயம் வளையம் முழுவதும் ஓடி, காலின்மீது சற்றே ஏறியதும் கம்பியை எடுங்கள். அரை விநாடி கழித்துக் கோலை எடுங்கள். இரண்டு விநாடி எதையும் அசைக்காதீர்கள். சாதாரண இணைப்பு ஒன்றுக்கு இவ்வளவும் சேர்த்து இரண்டிலிருந்து நான்கு விநாடிக்குள் கோலின் வேலை முடிந்துவிட வேண்டும்.

ஒரு சிறு நுணுக்கம் உண்டு. காய்ந்த முனை செம்பை ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும். சூடு மெதுவாகத்தான் கடக்கும். வைப்பதற்கு முன் முனையில் துளி ஈயம் ஈரமாக இருந்தால் அது இடைவெளியை நிரப்பிச் சூட்டுக்குப் பாலமாகும். அந்தத் துளி பாலம் மட்டுமே. இணைப்புக்கான ஈயம் கம்பியிலிருந்துதான் வர வேண்டும்.

முனையின் சூடு

ஈயக் கம்பியின் சுருளில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 63/37 என்றிருந்தால் 63 விழுக்காடு வெள்ளீயம், 37 விழுக்காடு காரீயம். அது 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயம் கலக்காத வகையில், வெள்ளீயத்தோடு 3 விழுக்காடு வெள்ளியும் அரை விழுக்காடு செம்பும் சேர்த்தது ஏறக்குறைய 217 முதல் 220 டிகிரியில் உருகும். வெள்ளியில்லாமல் வெள்ளீயமும் சிறிது செம்பும் மட்டும் கொண்டது 227 டிகிரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2006 ஜூலையில் நடப்புக்கு வந்ததிலிருந்து தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஈயமில்லாத வகைக்கு மாறிவிட்டன. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ஈயம் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

183 டிகிரியில் உருகுவதற்கு ஏன் கோலை 330 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. முனை செம்பைத் தொட்டதும் சூடு செம்புக்குள் ஓடுகிறது, முனையின் சூடு இறங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு விரைவாகச் சூடு கடக்கும். 190 டிகிரி முனையை வைத்தால் செம்பு 183 டிகிரியை எட்டுவதற்குள் ஃபிளக்ஸ் தீர்ந்துவிடும். ஆகவே காரீயம் கலந்த கம்பிக்கு 320 முதல் 350 டிகிரி, ஈயமில்லாத கம்பிக்கு 350 முதல் 380 டிகிரி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலை நடக்கும்.

அப்படியானால் 450 டிகிரியில் வைத்தால் இன்னும் விரைவாக முடியுமே? முடியாது. அந்தச் சூட்டில் ஃபிளக்ஸ் வேலை செய்வதற்கு முன்பே பொசுங்கிக் கருகும். செப்பு வளையத்தைப் பலகையோடு ஒட்டியிருக்கும் பசை இளகி, வளையம் தோல் உரிவதுபோல எழுந்துவிடும். கோலின் முனையும் கறுத்துப் போகும். கறுத்த முனை ஆக்சைடு பூசிய முனை. ஆக்சைடு சூட்டை மோசமாகவே கடத்தும். எனவே 450 டிகிரியில் இருக்கும் கறுத்த முனை, 340 டிகிரியில் இருக்கும் பளபளப்பான முனையைவிடக் குறைந்த சூட்டையே செம்புக்குத் தரும். ஈயம் உருகவில்லை என்று வெப்பத்தைக் கூட்டுகிறோம், கூட்டக் கூட்ட முனை மேலும் கறுக்கிறது, மேலும் உருக மறுக்கிறது. தொடக்கநிலையினர் சிக்கும் சுழல் இதுதான்.

முனையின் வடிவமும் முக்கியம். மலிவான கோல்களோடு ஊசிபோன்ற கூம்பு முனை வரும். நுணுக்கமான வேலைக்கு நுனி கூராக இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஊசி நுனி செம்பைத் தொடும் பரப்பு மிகச் சிறிது. துளையில் செருகும் பாகங்களுக்கு உளிபோல் தட்டையான, 2 அல்லது 2.4 மில்லிமீட்டர் அகலமுள்ள முனைதான் ஏற்றது. அதன் தட்டைப் பக்கம் காலையும் வளையத்தையும் ஒருசேர அணைத்துக்கொள்ளும். கடையில் ஒரே ஒரு கூடுதல் முனை வாங்கப் பணம் இருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். வெப்பத்தைக் கூட்டுவதைவிட முனையை மாற்றுவது நல்லது.

சுவர் மின்சாரத்தில் நேரடியாகச் செருகும் 30, 40 வாட் கோல்களில் பலவற்றுக்கு வெப்பக் கட்டுப்பாடே கிடையாது. தாங்கியில் சும்மா இருக்கும்போது அதன் முனை 400 டிகிரியையும் தாண்டலாம், பெரிய செம்பைத் தொட்டதும் மளமளவென்று இறங்கலாம். வெப்பமானி இல்லாமலே ஓரளவு மதிப்பிட வழி உண்டு. முனையைப் பித்தளைச் சுருளில் குத்தித் துடைத்துவிட்டு ஈயக் கம்பியைத் தொடுங்கள். ஒரு விநாடிக்குள் உருகி, முனையில் பளபளவென்று பரவி, மெல்லிய புகை அமைதியாக எழுந்தால் சூடு சரி. கம்பி குழைந்து களிபோல இழுபட்டால் சூடு போதாது. ஃபிளக்ஸ் சீறித் தெறித்து, பளபளப்பு சில விநாடிகளிலேயே நீலமாகவோ பழுப்பாகவோ மாறினால் சூடு அதிகம்.

வேலை முடித்ததும் முனையைத் துடைத்துச் சுத்தமாகத் தாங்கியில் வைப்பது நம் வீட்டுப் பழக்கம். கோலுக்கு இது ஆகாது. முனையில் புதிய ஈயம் பூசி, அந்தப் பூச்சோடுதான் தாங்கியில் வைக்க வேண்டும். துடைப்பது அடுத்த இணைப்பைத் தொடங்குவதற்குச் சற்று முன்.

கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

கைப்பேசியின் கேமராவைப் பெரிதாக்கி ஒவ்வோர் இணைப்பையும் பாருங்கள். நகைக்கடைப் பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

நல்ல இணைப்பு சிறிய எரிமலைபோல இருக்கும். அடியில் வளையம் முழுவதும் பரந்து, பக்கங்கள் உள்வளைந்து, காலைச் சுற்றிக் குறுகி ஏறும். காலின் உருவம் ஈயத்துக்குள் மறையாமல் தெரியும். ஈயத்தின் ஓரம் செம்பைச் சந்திக்கும் இடம் மெலிந்து, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கலந்திருக்கும்.

குளிர் இணைப்பு பந்துபோல் வெளியே பிதுங்கும். ஓரம் செம்போடு கலக்காமல் உள்ளே மடிந்து, கீழே ஒரு நிழல்கோடு தெரியும். இதில் இரண்டு சாதி உண்டு. கோல் காலை மட்டும் தொட்டிருந்தால், ஈயம் காலில் உருண்டையாகப் பிடித்துக்கொண்டு வளையத்துக்கு மேலே மிதக்கும். கோல் வளையத்தை மட்டும் தொட்டிருந்தால், ஈயம் வளையத்தில் அழகாகப் பரவி, காலைச் சுற்றி மட்டும் மயிரிழை இடைவெளியை விட்டிருக்கும். இரண்டாவது வகைதான் ஆபத்தானது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல இணைப்பாகவே தோன்றும்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: ஈயம் இறுகும் நேரத்தில் பாகம் அசைந்துவிட்டது. அதன் மேற்பரப்பு சுருங்கி, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருக்கும். உள்ளே விரிசல்கள் இருக்கலாம். 63/37 கலவை திரவத்திலிருந்து நேரே திடமாகிவிடும். 60/40 கலவை இறுகும்போது சில டிகிரி அளவுக்குக் களிபோன்ற நிலையைக் கடந்து போகிறது. அந்த இடைவேளையில் அசைந்தால் இப்படி ஆகும். முதல் சுருள் வாங்குவோருக்கு 0.8 மில்லிமீட்டர் தடிமனில் 63/37 கம்பியையே பரிந்துரைப்பேன்.

பழைய பாடப்புத்தகங்கள் பளபளப்பாக இருந்தால் நல்லது, மங்கலாக இருந்தால் கெட்டது என்று சொல்லும். அது காரீயம் கலந்த கம்பிக்குப் பொருந்தும். ஈயமில்லாத கம்பியில் நல்ல இணைப்பும் சற்று மங்கலாகவே இறுகும். நிறத்தைப் பார்த்து அதை மறுபடி மறுபடி சூடாக்கி வளையத்தை உரித்துவிட்டவர்கள் உண்டு. நிறத்தை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள். பரவியிருக்கிறதா, உருண்டிருக்கிறதா என்பதே கேள்வி.

மின்னாத விளக்கு

இப்போது நம் 555 சுற்றுக்கு வருவோம். 20 இணைப்புகளும் வைத்தாயிற்று. மின்கலத்தை மாட்டினால் எல்இடி எரிகிறது. ஆனால் மின்னவில்லை. கொஞ்சம் மங்கலாக, விடாமல் எரிகிறது.

விளக்கு எரிவதால் மின்கலம், எல்இடி, 470 ஓம் ரெசிஸ்டர், சிப்பின் 3-ஆம் கால் எல்லாம் வேலை செய்கின்றன என்று தெரிகிறது. நேரத்தைத் தீர்மானிக்கும் பகுதியில்தான் சிக்கல். மல்டிமீட்டரை நேர்மின் வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை மின்கலத்தின் எதிர்முனையிலும் சிவப்பு முனையைச் சிப்பின் 3-ஆம் காலிலும் வையுங்கள். சுற்று ஒழுங்காக ஓடினால் எண் ஒரு நிலையில் நிற்காது. 7.5 வோல்ட் பக்கம் ஏறும், பூஜ்யம் பக்கம் இறங்கும். இங்கே அது 4 வோல்ட்டுக்கு அருகில் அசையாமல் நிற்கிறது.

ஏறக்குறைய பாதி வோல்ட், ஏறக்குறைய பாதி வெளிச்சம். இதன் பொருள், சிப் மின்னாமல் இல்லை. மிக வேகமாக மின்னிக்கொண்டிருக்கிறது. நம் கண்ணுக்கும் மீட்டருக்கும் சராசரி மட்டுமே தெரிகிறது. 0.95 விநாடி என்ற நேரம் இரண்டு ரெசிஸ்டர்களாலும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டராலும் கிடைக்கிறது. கெபாசிட்டரைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டால், பலகைக் கோடுகளுக்கு இடையே இயல்பாக இருக்கும் மிகமிகச் சிறிய கொள்திறன் மட்டுமே மிஞ்சும். நேரம் விநாடியிலிருந்து மைக்ரோவிநாடிகளாகச் சுருங்கிவிடும். ஆகவே கெபாசிட்டர் பலகையில் உட்கார்ந்திருந்தும் மின்சுற்றில் இல்லை. அதன் இரண்டு கால்களில் ஒன்று ஒட்டவில்லை.

எந்தக் கால்? பலகையைத் திருப்பிப் பார்த்தால் ஊகிக்கலாம். கெபாசிட்டரின் நேர்க்கால் மெல்லிய செப்புக் கோடு ஒன்றில் முடிகிறது. எதிர்க்காலோ பலகையில் பெரும் பகுதியைப் பிடித்திருக்கும் அகலமான செப்புப் பரப்பில் அமர்ந்திருக்கிறது. எதிர்முனைக்காக ஒதுக்கப்பட்ட அந்தப் பரப்பு சூட்டை நாலா பக்கமும் இழுத்துக்கொள்ளும். மற்ற இணைப்புகளுக்கு மனத்தில் மூன்று எண்ணிய அதே பழக்கத்தில் இதற்கும் மூன்று எண்ணிக் கோலை எடுத்திருப்பார்கள். கால் மெல்லியது, உடனே சூடாகிவிட்டது. செப்புப் பரப்பு சூடாகவில்லை. ஈயம் காலில் உருண்டு நின்றுவிட்டது. நன்றாக வடிவமைத்த பலகைகளில் இத்தகைய வளையத்தை அகலப் பரப்போடு நான்கு மெல்லிய செப்புப் பட்டைகள் மட்டுமே சேர்க்கும், வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல. மலிவான பயிற்சிப் பலகைகளில் அந்த ஏற்பாடு இல்லாமலும் இருக்கும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய மீட்டரைப் பீப் ஒலி எழுப்பும் நிலைக்கு மாற்றி, மின்கலத்தைக் கழற்றிவிட்டுத்தான், ஒரு முனையை ஈயச் சொட்டின்மேலும் மற்றதைச் செப்புப் பரப்பின்மேலும் அழுத்துகிறார்கள். பீப் என்று கேட்கிறது. இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி வேறெங்கோ தேடப் போகிறார்கள். இங்கேதான் மீட்டர் நம்மை ஏமாற்றுகிறது. முனையை அழுத்தியபோது உருண்டை செம்பின்மேல் நன்றாக அமர்ந்து தொட்டுவிட்டது. கையை எடுத்ததும் மறுபடி விலகிவிட்டது. சோதிக்க வேண்டிய விதம் வேறு. ஒரு முனையை மேல்பக்கத்தில், கெபாசிட்டரின் உடலிலிருந்து கால் வெளிவரும் இடத்தில் இலேசாகத் தொடுங்கள். மற்ற முனையை அதே செப்புப் பரப்பில் தொலைவில் உள்ள வேறு ஓர் இணைப்பில், எடுத்துக்காட்டாக மின்கலத்தின் கறுப்புக் கம்பியில் வையுங்கள். இப்போது பீப் வராது. ஒரு பல்குத்தியால் கெபாசிட்டரின் தலையை மெல்ல அசைத்தால் விட்டுவிட்டு ஒலிக்கும். இனிச் சந்தேகம் இல்லை. மின்கலம் மாட்டியிருக்கும்போது அதே பல்குத்தியால் அழுத்தினால் விளக்கு சட்டென்று ஒழுங்காக மின்னத் தொடங்கும், எடுத்தால் நிற்கும்.

சரிசெய்யும்போது பழைய ஈயத்தை வெறுமனே மறுபடி சூடாக்கினால் போதாது. அதிலிருந்த ஃபிளக்ஸ் எப்போதோ தீர்ந்துவிட்டது. கோலின் தட்டைப் பக்கத்தை அகலச் செம்பின்மீது நன்றாகப் படிய வைத்துக் காலையும் தொடுங்கள். மூன்று விநாடி பொறுங்கள். அதன் பிறகு புதிய கம்பியைச் சிறிது கொடுங்கள். அதிலுள்ள புதிய ஃபிளக்ஸ் வழிந்ததும், உருண்டையாக நின்ற ஈயம் திடீரென்று தளர்ந்து செம்பின்மேல் ஓடிப் படியும். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அந்தக் கணத்தை மறக்கமாட்டீர்கள். மொத்தம் ஐந்தாறு விநாடி ஆகலாம், இந்த இடத்தில் தவறில்லை. ஈயம் அதிகமாகிக் குன்று வீங்கினால், செப்பு இழைப் பின்னலை அதன்மேல் வைத்துச் சூடாக்கி மிகுதியை உறிஞ்சிவிடலாம்.

விநாடிகளை எண்ணிப் பழகாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். நான் மேலே சொன்ன இரண்டு முதல் நான்கு விநாடி சாதாரண வளையத்துக்கு. நிறுத்தவேண்டிய நேரத்தைக் கடிகாரம் சொல்லாது. ஈயம் ஓடுவது சொல்லும்.

மின்கலத்தை மாட்டுவதற்கு முன்

சாக்கெட்டின் கால்களுக்கு இடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர். ஈயம் கொஞ்சம் கூடினால் பக்கத்துக் காலோடு பாலம் போட்டுவிடும். இதில் 7-க்கும் 8-க்கும் இடையே விழும் பாலம் மோசமானது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தாண்டி மின்கலத்தின் நேர்முனை 7-ஆம் காலோடு நேரடியாகச் சேர்ந்துவிடும். சிப் சூடாகும், கெட்டும் போகலாம். ஆகவே சிப்பைச் செருகுவதற்கு முன், வெறும் சாக்கெட்டில் மீட்டரின் பீப் சோதனையைச் செய்யுங்கள். ஒரு வரிசையில் 1-2, 2-3, 3-4. மற்ற வரிசையில் 5-6, 6-7, 7-8. நம் சுற்றில் 2-ஐயும் 6-ஐயும், 4-ஐயும் 8-ஐயும் கோடுகள் வேண்டுமென்றே சேர்க்கின்றன. ஆனால் அவை பக்கத்துப் பக்கத்துக் கால்கள் அல்ல. எனவே இந்த ஆறு சோடியில் எதுவும் தொடர்ந்து ஒலிக்கக் கூடாது. 1-2க்கு இடையே கெபாசிட்டர் இருப்பதால் ஒரு கணம் சத்தம் வந்து நின்றால் பொருட்படுத்த வேண்டாம். பாலம் இருந்தால், சுத்தமான முனையை இரு கால்களுக்கும் நடுவே வைத்து வெளிப்பக்கமாக இழுத்தால் பெரும்பாலும் முனையோடு வந்துவிடும்.

உயரம் குறைந்த பாகங்களை முதலில் வையுங்கள்: ரெசிஸ்டர்கள், சாக்கெட், பிறகு எல்இடி, கெபாசிட்டர், கடைசியில் கம்பிகள். உயரமானதை முதலில் வைத்தால் பலகையைக் கவிழ்க்கும்போது மற்றவை கீழே நழுவும், இறுகும் ஈயம் அசையும். சாக்கெட்டுக்கு எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்களை மட்டும் முதலில் பற்றவைத்து, அது பலகையோடு படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற ஆறையும் முடியுங்கள். எல்இடியின் நீண்ட கால் நேர்முனை. கெபாசிட்டரின் உடலில் கோடுபோட்ட பக்கம் எதிர்முனை. இவை இரண்டும் மாறினால் எவ்வளவு நல்ல இணைப்பும் உதவாது.

மிஞ்சிய கால்களை வெட்டும்போது ஈயக் குன்றுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். குன்றோடு சேர்த்து வெட்டினால் வெட்டுக்கருவியின் அதிர்ச்சி உள்ளே விரிசலை உண்டாக்கும். வெட்டிய துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும் வேகம் எதிர்பாராதது. ஒரு விரலால் காலைப் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள், கண்ணாடி அணியுங்கள்.

புகையைப் பற்றி ஒரு சொல். பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை. புகை பிசினுடையது. ஆனாலும் அது மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமாவைத் தூண்டும். முகத்தைப் பலகைக்கு நேர்மேலே வைக்காமல், சிறு மின்விசிறியைப் புகையைப் பக்கவாட்டில் இழுக்கும்படி வையுங்கள். விசிறிக் காற்று பலகையின்மேல் நேரே அடித்தால் இணைப்பு குளிர்ந்துபோகும். காரீயம் உடலுக்குள் போகும் வழி விரல்கள்தான். கம்பியைப் பிடித்த கையோடு பிஸ்கட்டை எடுக்காதீர்கள், முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வன்பொருள் கடையில் தகரக்குழாய் வேலைக்காக விற்கும் அமில ஃபிளக்ஸை மின்சுற்றுப் பக்கமே கொண்டுவர வேண்டாம். இணைப்பு அன்றைக்கு அருமையாகத் தெரியும். மிஞ்சிய அமிலம் நம் ஊர் ஈரக்காற்றோடு சேர்ந்து செப்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும், காலில் பச்சை பூத்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.